அக்ரிலிக் பெயர்ப்பலகையை ஸ்டட் வைத்துச் சுவரில் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் வீட்டு முகப்பில் தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி என்று அக்ரிலிக் பலகை வைக்கிறவர்களுக்காக இந்தப் பதில்கள். எல்லாக் கணக்குக்கும் ஒரே பலகையை எடுத்துக்கொள்கிறோம். அகலம் 450 மி.மீ., உயரம் 300 மி.மீ., தடிமன் 5 மி.மீ. நான்கு மூலையிலும் 19 மி.மீ. விட்டமும் 25 மி.மீ. நீளமும் உள்ள ஸ்டட். சிட்அவுட்டில் வாசல் நிலைக்குப் பக்கத்தில், பூசிய செங்கல் சுவரில் மாட்டுகிறோம். உங்கள் பலகை வேறு அளவாக இருந்தாலும் கணக்குப் போடும் வழி மாறாது.

ஸ்டட்னு கடையில ஒரு பாக்கெட் குடுத்தாங்க. அதுல எது எதுக்குங்க?

சுவரோடு ஒட்டி நிற்கும் குழாய் போன்ற பாகம் உருளை. அதன் அடியில் உள்ள துளை வழியாகத் திருகாணி போய் உருளையைச் சுவரில் பிடித்துக்கொள்ளும். முன்னால் தெரிவது மூடி. மூடியின் பின்பக்கம் மரையுள்ள தண்டு இருக்கும். அது பலகையின் துளைக்குள் நுழைந்து உருளைக்குள் திருகிக்கொள்ளும். பலகைக்கு முன்னும் பின்னும் வைக்க மெல்லிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாஷர் இரண்டு இருக்க வேண்டும். சில பாக்கெட்டில் ஒன்றுதான் இருக்கும். அப்படியென்றால் இன்னொரு செட் கேட்டு வாங்கிவிடுங்கள், ஏனென்றால் உலோகம் நேராக அக்ரிலிக்கில் பட்டு இறுகும் இடத்தில்தான் முதல் கீறல் விழும்.

வெளியே மழைச் சாரல் படும் இடமென்றால் 304 ரக ஸ்டீல் கேளுங்கள். 202 ரகம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மழை பட்டுக் காய்ந்து வரும்போது மூடியின் ஓரத்தில் பழுப்பு வளையம் எழும்பி, பலகையிலும் கறை இறங்கும்.

பலகையில் துளை எங்கே, எத்தனை மி.மீ. போடச் சொல்லணும்?

ஓரத்திலிருந்து துளையின் மையம் வரை இரண்டு பக்கமும் 25 மி.மீ. வையுங்கள். 19 மி.மீ. மூடியைச் சுற்றி 15 மி.மீ. சொச்சம் அக்ரிலிக் தெரியும், மூலை உடையாது, பார்வைக்கும் சரியாக இருக்கும். 10, 12 மி.மீ. தள்ளிப் போட்ட பலகைகளில் மூலை ஒடிவதே வழக்கம். எழுத்து எதுவும் ஓரத்திலிருந்து 45 மி.மீ.க்குள் வரக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். மலையாள வரியில் வீட்டுப் பெயர் நீளமாக இருந்தால், கடைசி எழுத்து மூடியை உரசிக்கொண்டு நிற்பதை நிறையப் பார்க்கலாம்.

துளையின் அளவை முடிவு செய்ய முதலில் மூடியின் தண்டை அளக்க வேண்டும். ஸ்டட்டை வாங்கிய பிறகுதான் பலகைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும், இந்த வரிசை மாறக்கூடாது. தண்டு 8 மி.மீ. இருந்தால் துளை 10 மி.மீ. போடச் சொல்லுங்கள். ‘இறுக்கமா இருந்தா ஆடாது’ என்று 8.5 போட்டுத் தரும் கடை உண்டு, அதை ஏற்காதீர்கள். காரணம் வெயில். அக்ரிலிக் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.07 மி.மீ. நீளும். கருப்புப் பலகை ஒன்று காலையில் 22 டிகிரியில் இருந்து, மாலை மேற்கு வெயிலில் 60 டிகிரிக்குப் போனால் 38 டிகிரி வித்தியாசம். மேலே உள்ள இரண்டு துளை மையங்களுக்கு நடுவே 400 மி.மீ. இருக்கிறது. அந்த இடைவெளி 1 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். சுவர் நீள்வது அதில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. போல நகர இடம் வேண்டும். 10 மி.மீ. துளையில் 8 மி.மீ. தண்டு நடுவில் நின்றால் சுற்றிலும் 1 மி.மீ. கிடைக்கும். வெயிலுக்கு அரை போக மிச்சம் அரைதான். சுவரில் துளை தவறினால் அதைச் சமாளிக்க உங்களிடம் இருப்பது அவ்வளவே. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்த அரை மி.மீ.யை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு ஓட்டையும் அளந்து அளந்துதான் போடறேன். கடைசி ஒண்ணு மட்டும் எப்பவும் சேரமாட்டேங்குது. ஏன்?

நான்கையும் தனித்தனியாகச் சுவரில் அளப்பதால்தான். ஒவ்வொரு அளவிலும் பென்சில் கோட்டின் தடிமன், டேப்பின் கொக்கி ஆட்டம், டிரில் முனையின் நழுவல் என்று ஏதாவது ஒரு பிழை சேரும். முதல் மூன்று துளைகளில் நீங்கள் பலகையைக் கொஞ்சம் நகர்த்திச் சமாளித்துவிடுகிறீர்கள். நான்காவதில் நகர்த்த இடம் தீர்ந்துவிடுகிறது.

ஆகவே சுவரில் அளப்பதையே விட்டுவிடுங்கள். பலகை வெட்டும் லேசர் கடையில், அதே கோப்பிலிருந்து 3 மி.மீ. எம்.டி.எஃப். அட்டையில் இன்னொன்று வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒரே ஒரு மாற்றம், துளைகள் 10 மி.மீ.க்குப் பதில் 6 மி.மீ. இருக்க வேண்டும், மையம் மாறக்கூடாது. இதுதான் உங்கள் வழிகாட்டிப் பலகை. 6 மி.மீ. சுவர் பிட் அந்தத் துளைக்குள் சரியாக உட்காரும், பக்கவாட்டில் நழுவ வழியில்லை.

எம்.டி.எஃப். கிடைக்காவிட்டால் பலகையையே சார்ட் தாளின் மேல் வைத்துத் துளைகளை வரைந்துகொள்ளலாம். ஆனால் ஆடி மழைக் காலத்தில் தாள் ஈரம் குடித்து ஒரு மி.மீ. வரை விரியும். முந்தின நாள் வரைந்த தாளை மறுநாள் ஒட்டினால் உங்கள் அரை மி.மீ. அங்கேயே போய்விடும். வரைந்த கையோடு ஒட்டி முடித்துவிடுங்கள்.

எதுவாக இருந்தாலும் சுவருக்குப் போகும் முன் மூலைவிட்டம் பாருங்கள். நம் பலகையில் துளை மையங்கள் 400க்கு 250. மூலைவிட்டம் 471.7 மி.மீ. வர வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் நான்கு மூலையும் செங்கோணமாக இருக்கிறது என்று பொருள். ஒன்று 471, இன்னொன்று 473 என்றால் வரைந்ததில் கோணல் இருக்கிறது. வழிகாட்டியின் மேல்பக்கம் ‘மேல்’ என்றும், முன்பக்கம் ‘முன்’ என்றும் எழுதிவிடுங்கள். துளைகள் பார்வைக்குச் சமமாக இருந்தாலும் கடையில் அரை மி.மீ. இடம் மாறி இருக்கலாம். வழிகாட்டியைத் திருப்பி ஒட்டினால் அந்தப் பிழை இரட்டிப்பாகும்.

வழிகாட்டியை வெச்சு எந்த வரிசையில் துளைக்கணும்?

முதலில் பலகை நிற்க வேண்டிய இடத்தில் வழிகாட்டியை இரட்டைப்பக்க டேப்பால் லேசாக ஒட்டுங்கள். இடது மேல் துளையை மட்டும் போட்டு முடியுங்கள். அதே 6 மி.மீ. அளவுள்ள பழைய பிட் ஒன்றையோ ஒரு ஆணியையோ வழிகாட்டி வழியாக அந்தத் துளைக்குள் செருகி விடுங்கள். இப்போது வழிகாட்டி அந்த ஒரு புள்ளியில் தொங்கும், சுழலும், ஆனால் இடம் மாறாது.

அடுத்து ரசமட்டத்தை மேல் விளிம்பில் வைத்து மட்டம் பார்த்து மறுபடி ஒட்டுங்கள். வலது மேல் துளையைப் போட்டு, அங்கும் ஒரு ஆணி செருகுங்கள். இரண்டு ஆணியும் நின்ற பிறகு வழிகாட்டி எந்தப் பக்கமும் அசையாது. கீழ்த் துளைகள் இரண்டும் தாமாகவே சரியான இடத்துக்கு வந்திருக்கும்.

ரசமட்டத்தையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஒரு கோட்டில் வைத்துக் குமிழைப் பாருங்கள், பிறகு அதையே இடம் வலமாகத் திருப்பி அதே கோட்டில் வையுங்கள். குமிழ் வேறு இடத்தில் நின்றால் மட்டம்தான் தவறு, சுவர் அல்ல.

ரசமட்டம் சரின்னு சொல்லுது, ஆனா பாக்க கோணலாத் தெரியுது. எதை நம்பறது?

பக்கத்தில் இருக்கும் கோட்டை. வாசல் நிலையோ டைல்ஸ் பள்ளமோ இரண்டு அடிக்குள் இருந்து, அது சாய்ந்திருந்தால், மட்டத்தில் நிற்கும் பலகைதான் கோணலாகத் தெரியும். பழைய ஓட்டு வீடுகளில் நிலை 400 மி.மீ.க்கு 2 மி.மீ. சாய்ந்திருப்பது சாதாரணம். அங்கே நிலைக்கு இணையாக வைப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம். பக்கத்தில் எந்தக் கோடும் இல்லாத வெற்றுச் சுவரில் ரசமட்டம் சொல்வதைக் கேளுங்கள்.

பிட் வெச்ச இடத்துல இறங்காம வழுக்கிட்டு ஓடுது. எப்படித் தடுக்கறது?

டிரில்லில் ஹேமர் முறையைப் போட்டுத் தொடங்குவதுதான் முதல் காரணம். அடி விழும்போது முனை பூச்சில் குதித்து, பக்கத்தில் கடினமான மணலோ கல்லோ இருந்தால் அதிலிருந்து விலகிப் போகும். முதல் 5 மி.மீ. ஆழத்தை ஹேமர் இல்லாமல் மெதுவாகச் சுழற்றிப் போடுங்கள். பூச்சில் சின்னக் கிண்ணம்போல் உட்கார்ந்த பிறகு ஹேமரைப் போடலாம். டிரில்லைச் சுவருக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். பக்கத்திலிருந்து ஒருவர் மூலைமட்டம் வைத்துப் பார்த்துச் சொன்னால் நல்லது. 55 மி.மீ. ஆழத்தில் 3 டிகிரி சாய்ந்தாலே துளையின் அடி கிட்டத்தட்ட 3 மி.மீ. விலகிவிடும். திருகாணி அந்தச் சாய்வோடு ஏறி உருளையையும் சாய்க்கும்.

செங்கலுக்கும் கலவைக்கும் நடுவில் உள்ள சந்தில் பிட் இறங்கினால், ஒரு பக்கம் மெத்தென்றும் மறுபக்கம் கெட்டியாகவும் இருப்பதைக் கையில் உணரலாம். வாய் வட்டமாக இல்லாமல் முட்டைபோல் ஆகியிருக்கும். அப்படியானால் மேலே அழுத்தாமல், வேகத்தைக் குறைத்து, பிட்டை முன்னும் பின்னும் இழுத்து நேர்ப்படுத்துங்கள்.

டைல்ஸ் ஒட்டிய சுவரில் ஹேமர் கூடவே கூடாது. டைல்ஸைக் கடக்கும் வரை கண்ணாடி துளைக்கும் பிட் அல்லது வைர முனை பிட், தண்ணீர் விட்டு. அதன் பிறகு சாதாரணச் சுவர் பிட்.

ஒரு எச்சரிக்கை. காலிங் பெல் சுவிட்சுக்கு மேலும் கீழும் நேர்கோட்டில் வயர் குழாய் ஓடும். அந்தக் கோட்டில் துளை வந்தால் பலகையை ஒரு சாண் தள்ளுங்கள்.

எவ்வளவு ஆழம்? பாக்கெட்டோட வந்த பிளக் போதுமா?

பூச்சு பிடிமானம் தராது, திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக் செங்கலுக்குள் நிற்க வேண்டும். நம் பலகையின் எடை 800 கிராம்தான், அதனால் எடையைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் 25 மி.மீ. வெளியே நிற்கும் பலகையைப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பின்னாலிருந்து நெம்பும், குழந்தைகள் பிடித்து இழுப்பார்கள். பூச்சு 15 மி.மீ. என்று வைத்தால், பாக்கெட்டில் வரும் 30 மி.மீ. பிளக்கில் பாதி பூச்சிலேயே நின்றுவிடும். துளையை 55 முதல் 60 மி.மீ. ஆழம் போட்டு, தூசியை ஊதி எடுத்துவிட்டு, பிளக்கைப் பெரிய ஆணியின் தலையால் 12 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். திருகாணியை 4 மி.மீ. தடிமன், 50 மி.மீ. நீளத்தில் ஸ்டீலில் தனியாக வாங்குங்கள். பிட்டில் 60 மி.மீ. இடத்தில் டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தானே தெரியும்.

எங்க சுவர் வெட்டுக்கல். துளை போட்டா பொலபொலன்னு கொட்டுது.

ஒற்றப்பாலம், பட்டாம்பி பக்கம் போகப் போக இந்தக் கேள்வி வரும். வெட்டுக்கல் மெத்தென்றிருக்கும், உள்ளே சின்னச் சின்னப் பொந்துகளும் இருக்கும். ஹேமர் போடாமல் வெறும் சுழற்சியிலேயே இறங்கிவிடும், ஹேமர் போட்டால்தான் வாய் உடைந்து அகலமாகும். 6 மி.மீ. பிளக்குக்கு 5.5 அல்லது 5 மி.மீ. பிட்டில் துளைத்து, பிளக்கைத் தட்டி ஏற்றுங்கள். அப்படியும் பிளக் சுற்றினால், துளையில் எபாக்சி பசையை நிரப்பிப் பிளக்கைச் செருகி ஒருநாள் விட்டுவிட்டுத் திருகாணி ஏற்றுங்கள். பூசாத வெட்டுக்கல் முகப்பில் உருளையின் அடி சமமாக உட்காராது. அந்த இடத்தில் 25 மி.மீ. வட்டத்துக்குச் சிமென்ட்டோ எபாக்சியோ தடவிச் சமன் செய்த பிறகே ஸ்டட் வையுங்கள்.

ஹாலோ பிளாக்கில் பிட் 30 மி.மீ. போனதும் சட்டென்று வெற்றிடத்துக்குள் விழும். அங்கே சாதாரண பிளக் வெறுமனே சுற்றும். உள்ளே போய் விரியும் வகை பிளக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு துளை 3 மி.மீ. தள்ளிப் போயிருச்சு. பலகைத் துளையைப் பெருசு பண்ணிக்கலாமா?

கொஞ்சம் மட்டும். 19 மி.மீ. மூடிக்கு 11 மி.மீ. துளை வரை போகலாம், சுற்றிலும் 4 மி.மீ. மறைப்பு இருக்கும். அதற்கு மேல் போனால் வாஷர் உட்கார இடமில்லை. உருளையின் அடித்துளை திருகாணியைவிட 1 மி.மீ. பெரிதாக இருந்தால் அங்கிருந்து அரை மி.மீ. நகர்த்தலாம். எல்லாம் சேர்த்தாலும் 1, மிஞ்சினால் 1.5 மி.மீ.தான். 3 மி.மீ.யைச் சுவரில்தான் சரிசெய்ய வேண்டும்.

தவறிய துளையைப் பக்கத்திலேயே மறுபடி போட முயன்றால் பிட் பழைய துளைக்குள்ளேயே சரிந்து விழும். அதனால் அதை 12 மி.மீ. பிட்டால் அகலப்படுத்தி, தூசியை எடுத்து, எபாக்சி புட்டியை ஆழம் வரை அழுத்தி அடைத்துவிடுங்கள். ஒரு நாள் இறுகட்டும். மற்ற மூன்று துளைகளிலும் ஆணி செருகி வழிகாட்டியை மாட்டினால் நான்காவது மையம் எங்கே என்று தெரியும். ஹேமர் இல்லாமல் புதிதாகத் துளையுங்கள். 19 மி.மீ. உருளை அந்த 12 மி.மீ. அடைப்பை அநேகமாக மூடிவிடும்.

வழிகாட்டி இல்லை, பலகை மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், பலகையை வைத்து அதன் 10 மி.மீ. துளைக்குள் 10 மி.மீ. பிட்டைக் கையால் செருகி லேசாகத் திருகுங்கள். நடுவில் ஒரு புள்ளி விழும். பென்சிலால் வளையம் வரைந்து மையத்தைக் கண்ணால் குறிப்பதைவிட இது துல்லியம். ஆனால் பலகை வழியாக டிரில் ஓட்டிவிடாதீர்கள், சுவர் பிட்டின் முனை அக்ரிலிக் விளிம்பைச் சிதைத்துவிடும்.

வீட்டிலேயே பலகையில் துளை போடலாமா?

லேசர் கடை பக்கத்தில் இருந்தால் அங்கேயே போட்டு வாங்குங்கள். வேறு வழியில்லையென்றால் படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட் வாங்குங்கள். இரும்பு துளைக்கும் சாதாரண பிட் அக்ரிலிக்கைக் கடித்து இழுக்கும், மறுபக்கம் வெளிவரும் நொடியில் பலகை வெடிக்கும். பாதுகாப்புத் தாளை உரிக்காமல், அடியில் மரக்கட்டை வைத்து, கிளாம்பில் இறுக்கி, மெதுவான வேகத்தில், அவ்வப்போது நிறுத்தித் தண்ணீர் தெளித்துப் போடுங்கள். சுருள் சுருளாக வந்தால் சரி. உருகி முனையில் ஒட்டிக்கொண்டால் வேகம் அதிகம்.

மாட்டி ஒரு மாசம் கழிச்சு துளையைச் சுத்தி நூல் மாதிரி வெடிப்பு. பலகை மோசமா?

பெரும்பாலும் பலகை காரணமில்லை. மூன்று இடத்தில் தேடுங்கள்.

முதலாவது சுவரின் மேடு பள்ளம். நான்கு உருளையையும் சுவரில் பொருத்தியதும் அவற்றின் முகத்தில் நேரான மரச்சட்டத்தை மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள். ஒரு உருளை 1.5 மி.மீ. உள்வாங்கி இருந்தால், மூடியை இறுக்கும்போது பலகை அந்த மூலையில் வளையும். அந்த இழுவிசை மாதக்கணக்கில் துளை விளிம்பில் நிற்கும். பின்வாங்கிய உருளையின் அடியில் வாஷர் வைத்து முன்னால் கொண்டுவாருங்கள். பலகையைப் பொருத்தும்போது மூன்று மூடி இறுக்கிய பின் நான்காவது மூலையில் தாள் நுழைகிறதா என்று பார்த்தாலும் தெரிந்துவிடும்.

இரண்டாவது இறுக்கம். விரலால் முட்டும் வரை திருகி, அதன் பிறகு கால் சுற்று. பிளையர் வேண்டாம்.

மூன்றாவது ரசாயனம். லேசரில் வெட்டிய விளிம்பில் வெப்பத்தால் உள்ளிறுக்கம் இருக்கும். அதில் தின்னர், ஸ்பிரிட், சானிடைசர் பட்டால் நூல் நூலாக வெடிப்பு ஓடும். மரை கழலாமல் இருக்கத் தடவும் லாக் திரவமும் அக்ரிலிக்கை வெடிக்க வைக்கும். பலர் இதை அறியாமல் மூடித் தண்டில் தடவுகிறார்கள். அதற்குப் பதிலாக பிளம்பர் பயன்படுத்தும் டெஃப்லான் டேப்பை மரையில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். துடைக்க மெல்லிய சோப்புத் தண்ணீரும் மென்துணியும் போதும்.

மழைத்தண்ணி துளை வழியா சுவருக்குள்ள இறங்காதா?

இறங்கும், மேற்குப் பார்த்த சுவரில் அதிகம். திருகாணி ஏற்றும் முன் பிளக்கின் வாயில் ஒரு பொட்டு சிலிகான் வையுங்கள். புளிக்காடி வாசம் அடிக்கும் சிலிகான் வேண்டாம், அது சிமென்ட் பூச்சில் சரியாக ஒட்டாது, உலோகத்தையும் அரிக்கும். டப்பாவில் நியூட்ரல் என்று போட்டதை வாங்குங்கள். உருளையைச் சுற்றிக் கீழ்ப்பக்கம் மட்டும் அடைக்காமல் விடுங்கள், உள்ளே போன நீர் வெளியேற வழி வேண்டும்.

பெயிண்ட் அடிக்கும்போது கழட்டி மாட்டணும். எதைக் கழட்டறது?

மூடிகளை மட்டும். கீழ் இரண்டை முதலில், மேல் இரண்டைக் கடைசியில், பலகையை ஒருவர் தாங்கிக்கொண்டிருக்க. ஒவ்வொரு மூடியையும் அதன் வாஷர்களோடு தனித்தனிப் பொட்டலமாக வையுங்கள். உருளைகளைக் கழற்றாமல் மாஸ்கிங் டேப் சுற்றிவிட்டால் மட்டமும் இடமும் அப்படியே இருக்கும். பெயிண்ட் முழுக்கக் காய்ந்து வாசம் போன பிறகு, மேல் இரண்டை லேசாகப் பிடித்து, நான்கு தண்டும் துளையின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள்.